புதுப்பிப்பு: துறை இதழில் என் கட்டுரை வெளிவந்தது

முன்பு கேட்டது: “ஆலைகளில் அழுத்தக் காற்றுக் கசிவை ஆய்வு செய்கிறேன். துறை இதழில் எழுதினால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்களா?”

வந்தார்கள். இதழாசிரியராக இருந்தவர் இங்கே சொன்னபடி, முழுக் கட்டுரையை அனுப்பாமல் தலைப்பையும் சில வரிச் சுருக்கத்தையும் முதலில் அனுப்பினேன். ஆலை நின்றிருக்கும் இரவிலும் கம்ப்ரஸர் ஓடினால் அது கசிவுக்கே காற்றை ஊட்டுகிறது என்பதுதான் கட்டுரையின் கரு. உடனே ஏற்றார்கள்.

“நிறுவனப் பெயரே வராது” என்றவர் சொன்னது பாதி சரி. கட்டுரைக்குள் நீக்கினார்கள், ஆசிரியர் குறிப்பில் விட்டார்கள். அங்கே என் தளத்தின் முகப்புப் பக்கத்துக்குப் பதில், கசிவுச் செலவைக் கணக்கிடும் தாளின் இணைப்பைக் கொடுத்தேன். பராமரிப்பு மேலாளர்கள் அதை நிரப்பிவிட்டே அழைத்தார்கள். மிகவும் மகிழ்ச்சி!

கட்டணம் கொடுத்தீர்களா என்று கேட்ட நண்பருக்கு: இது விளம்பரப் பக்கம் அல்ல, பணம் கொடுக்கவில்லை.

என் தளத்தில் மறுபதிப்பு செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.