சித்தி பொண்ணு எழுதிய "வேலை மாறிட்டேன்" பதிவும் நான் கை வைத்த இடங்களும்

சித்தி பொண்ணு 2024-இல் படிப்பு முடித்தவள். சென்னையில் 14 மாதம் டெஸ்டிங் வேலை, அடுத்து பெங்களூரில் வேறு கம்பெனி. போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா, லிங்க்ட்இன்ல போடப்போறேன், பாருங்க" என்று அனுப்பினாள். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி:

"ஒருவழியா ஜெயில்ல இருந்து ரிலீஸ்! 😂 70% ஹைக்கோட பெங்களூர் போறேன். இனி அந்த பேங்க் கிளையன்ட்டோட ராத்திரி கால் கிடையாது. சும்மா டெஸ்டிங்தான் பண்ணிட்டு இருந்தேன், இனிமே நிஜ வேலை. தேங்க்யூ ஆல்!"

பேங்க் பெயரையும் போட்டிருந்தாள். நான் முதலில் கேட்டது, நோட்டீஸ் பீரியட் எப்போ முடியுது என்றுதான். இன்னும் 19 நாள். அப்படியானால் ஜெயிலர் கையில்தான் இன்னும் சாவி இருக்கிறது!

ஜெயில், ஹைக், பேங்க் பெயர் மூன்றையும் எடுத்தேன். மிச்சம் "தேங்க்யூ ஆல்" மட்டும். அதனால் "சும்மா டெஸ்டிங்" என்றால் என்னென்ன செய்தாய் என்று தோண்டினேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை என்றே சொன்னாள். அப்புறம்தான் வந்தது: புது மாற்றத்தால் பழையது எதுவும் உடையவில்லையா என்று ஒவ்வொரு ரிலீஸுக்கும் இரண்டு நாள் கையால் ஓட்டிய ரெக்ரஷன் டெஸ்டை இவள் செலினியம் என்கிற ஆட்டோமேஷன் கருவியில் எழுதி அரை நாளுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதைப் பதிவில் எங்கேயுமே சொல்லவில்லை, பாவி.

சேர்ந்த பிறகு போடுவதற்காகக் கடைசியில் வந்தது:

"பெங்களூரில் டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்ஜினியராக இந்த வாரம் சேர்ந்திருக்கிறேன். இதற்கு முன் 14 மாதம் ஒரு பேங்கிங் ஆப்பின் டெஸ்டிங் டீமில் இருந்தேன். ரிலீஸுக்கு இரண்டு நாள் எடுத்த ரெக்ரஷன் வேலையை செலினியம் ஸ்கிரிப்டுகளால் அரை நாளில் முடிக்க வைத்தது அங்கே செய்ததில் எனக்குப் பிடித்த வேலை. என் முதல் ஸ்கிரிப்ட் பதினோரு முறை விழுந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து லாக் படிக்கக் கற்றுக்கொடுத்த என் லீடுக்கு நன்றி."

ஃபீடில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதியை more அமுக்கினால்தான் பார்க்கலாம். அதனால் புது வேலையின் பெயரை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் இப்படி யாருக்காவது திருத்திக் கொடுத்திருக்கிறீர்களா?

ஹெச்ஆரில் இருப்பவர்: வாசகத்தைவிட நாள் முக்கியம்ங்க. ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்து, புது இடத்தில் முதல் நாள் போய் உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டு, சேரும் தேதி தள்ளிப்போய், பதிவை அழித்த பையனைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ப்ரொஃபைலில் புது வேலையைச் சேர்க்கும்போது Notify network என்று ஒரு பட்டன் வரும். அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் லிங்க்ட்இன் தானாகவே ஒரு ரெடிமேட் அறிவிப்பைக் கிளப்பிவிடும், இவள் எழுதியது பழைய செய்தியாகிவிடும்.

சென்னை டெவலப்பர்: பழைய கம்பெனி பெயரையே சொல்லக்கூடாது, சட்டப் பிரச்சினை வரும். கிளையன்ட் பெயரும் கூடாது.

ஹெச்ஆரில் இருப்பவர்: கிளையன்ட் விஷயம் சரி, கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். பழைய கம்பெனி பெயர் அவள் ப்ரொஃபைலிலேயே இருக்கிறதே, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த இரண்டு நாள், அரை நாள் கணக்கை மட்டும் லீடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். சில இடங்களில் அதையும் உள் விஷயம் என்பார்கள்.

மதுரை அம்மா: என் பையனுக்கு ஒன்றரை வருஷம் கேப் இருக்கிறது. வேலை தேடுகிறான் என்று காட்டுகிற Open to Work போட்டால் மதிப்பு குறையுமா? அவனுக்கும் இதே மாதிரி எழுதித் தருவீர்களா?

நான்: அம்மா, அவன் இன்னும் சேரவில்லையே, இது சேர்ந்த பிறகு போடுவது. அந்த ஒன்றரை வருஷத்தில் என்ன செய்தான் என்று தனியாக எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

டிசைனர்: எனக்கு ஒப்பவில்லை. திருத்தியது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 22 வயசுப் பெண் குரல் போய்விட்டது. நான் முதல் வேலையை விட்டபோது "அழுதுகொண்டே ஐடி கார்டைக் கொடுத்தேன்" என்று போட்டேன். அதைப் படித்துத்தான் இப்போதைய மேனேஜர் பேசவே வந்தார்.

நான்: இதை அவளும் சொன்னாள். "அக்கா, நல்லா இருக்கு, ஆனா நான் பேசற மாதிரி இல்ல." பதினோரு முறை விழுந்தது என்பது அவள் சொன்னதுதான், மற்றதெல்லாம் என் வாடை. ராத்திரி கால் பற்றி ஒரு வரி, யாரையும் குத்தாமல், திரும்பச் சேர்க்கலாமா என்று இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நேரம் இருக்கிறது. ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை.