கட்டுரைத் திருத்தம்: நடை சரி, ஆதாரம் இல்லை. என்ன சொல் போடலாம்?

கல்லூரித் தமிழாசிரியை:
வணக்கம். முதலாண்டுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் பகிர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். சில கட்டுரைகளில் நடை தங்குதடையின்றி ஓடுகிறது, ஆனால் குறிப்பான ஆதாரம் ஒன்றுகூட இருப்பதில்லை. இந்தக் குறைக்குத் தாளில் எழுதும்படி ஒரு சொல் வேண்டும். ‘வெற்றுநடை’ சரிவருமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
வேண்டாம் அம்மா. குறை நடையில் இல்லையே! தாளில் அதைப் பார்ப்பவன் அடுத்த முறை நடையைத்தான் மாற்றுவான். குறைக்குப் பெயர் தேடாமல், நாம் அளக்கும் கூறுக்குப் பெயர் வையுங்கள்: ‘சான்றுச் செறிவு’. அது கூடலாம், குறையலாம், யாரையும் திட்டவும் திட்டாது.

பெற்றோர் ஒருவர்:
என் மகளுக்கும் இப்படித்தான், நோட்ஸைப் பார்த்து எழுதினாள் என்று குறைத்துவிட்டார்கள். அதற்கும் இதே சொல்லா?

தலைமையாசிரியர்:
அது வேறு வழக்குங்க. சொந்தமாக எழுதியதிலும் ஆதாரம் இல்லாமல் போகலாம்.

வங்கி ஊழியர்:
கட்டாயம் இரண்டு புள்ளிவிவரம் வேண்டும் என்று விதித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

தலைமையாசிரியர்:
பாதி சரி. அப்படி விதித்தால் ‘90 சதவீத மக்கள்’ என்று தேர்வறையிலேயே எண் முளைக்கும். ‘நெகிழி மனிதகுலத்தை அச்சுறுத்தும் அரக்கன், விழிப்புணர்வே தீர்வு’ என்று ஒரு பத்தி. நெகிழியை எடுத்துவிட்டு மதுவைப் போட்டுப் பாருங்கள், பத்தி அசையாமல் நிற்கும். அதுதான் சோதனை. ‘2019 ஜனவரியில் தமிழகம் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது, ஆனாலும் எங்கள் தெருப் பூக்காரம்மா இன்றும் கேரி பேக்கில்தான் தருகிறார், துணிப்பை கட்டுப்படியாகாதாம்’ என்று எழுதியிருந்தால் மதுவைப் போட முடியாது. கண்ணால் கண்டதும் சான்றுதான்.

பத்துக்குக் கருத்து 3, சான்று 3, அமைப்பு 2, மொழி 2 என்று பிரித்தால், முதல் பத்தி போலவே முழுக்க எழுதியவருக்கு 2+0+2+2, ஆக 6. எல்லாத் தாளிலும் முதலில் சான்றுக்கு மட்டும் போட்டுவிடுங்கள். மொழியை முதலில் பார்த்தால் அந்த மயக்கத்தில் சான்றுக்கும் கை தாராளமாகிவிடும். தாளில் ‘ஆழமில்லை’ என்று எழுதாதீர்கள். ‘மொழிக்கு முழு மதிப்பெண். மூன்றாம் பத்தியில் கால்நடைகள் பாதிக்கப்படுகின்றன என்கிறாய். எங்கே, எப்படி என்று ஒரு வரி இருந்தால் சான்றுக்கு 1 கிடைத்திருக்கும்.’ இப்படி எழுதினால் வாதாட வருபவரும் அந்த வரியைப் பற்றித்தான் பேசுவார்.

ஆசிரியை:
நன்றி ஐயா. ‘சான்று’ என்றாலே எங்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ்தான் நினைவு வரும். ‘ஆதாரச் செறிவு’ போடலாமா?

வங்கி ஊழியர்:
போட்டால் ஆதார் அட்டை கேட்பார்கள்!

ஆசிரியை:
சரி, சான்றே இருக்கட்டும். ஆனால் ‘செறிவு’ என்றால் நிறைய அடுக்கச் சொல்கிறோமோ? பொருத்தமான ஒரே சான்று வைத்தவருக்கு 3 தரலாமா? அப்புறம் அந்தப் பூக்காரம்மாவே கற்பனையாக இருந்தால்?

தலைமையாசிரியர்:
ஒன்றே போதும், அதை வாதத்தோடு இணைத்திருந்தால் 3 தருவேன். ‘சான்றுப் பொருத்தம்’ என்று மாற்றுவதிலும் எனக்கு மறுப்பில்லை. பூக்காரம்மாவை என்னால் சரிபார்க்க முடியாது. நம்பத்தக்கதாக இருந்தால் போட்டுவிடுவேன். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?