புதுப்பிப்பு: கோப்பு இல்லாமல் விவரித்த லோகோ

"லோகோ கோப்பு காணாமல் போய்விட்டது. அரக்கு வட்டம், நடுவில் கரும்பச்சை இலை, கீழே மெல்லிய எழுத்தில் 'செக்கு எண்ணெய்'. எப்படி இருக்கும்?"

மேலே உள்ளது நான் முன்பு கேட்டது; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது அச்சகத்து அண்ணன் சொன்னதுதான்: அளவை விகிதமாகவும் நிறத்தை எண்ணாகவும் எழுதுவது. இலை வட்டத்தில் பாதி உயரம், வட்டம் #7A1F1F, இலை #1F5C2E என்று எழுதினேன். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கருமையாகி இலை மறைந்துவிடும் என்று உடனே சொல்லிவிட்டார். இலையை வெளிர்மஞ்சளாக்கினேன்.

எழுத்தைத் தடிமனாக்கச் சொன்ன தோழி பாதி சரி. எழுத்து தெளிந்தது, ஆனால் எதிர்பாராமல், சின்ன மூடி லேபிளில் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. புள்ளிகளைச் சற்று மேலே தள்ளியதும் சரியானது.

கோப்பை மீட்க வழி சொன்னவருக்கு: பென்டிரைவ் திறக்கவே இல்லை. அப்புறம், ரப்பர் ஸ்டாம்புக்கு இலை வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.