காணாமல் போன 1,800: மன்றச் சந்தாக் கணக்கில் பட்ட அனுபவங்கள்

மன்றத்தின் புதிய பொருளாளர்

எங்கள் மன்றத்தில் 150 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா ஒருவருக்கு 600. கணக்காண்டு டிசம்பரோடு முடிகிறது. 2023-ஆம் ஆண்டின் கணக்கை முதல் முறையாக நானே எழுதினேன். அந்த ஆண்டில் சந்தாவாகக் கைக்கு வந்த பணம் 87,000. அதை அப்படியே அந்த ஆண்டின் வருவாயாகக் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நிலுவைப் பட்டியலையும் முன்பணப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

2022 முடிந்தபோது 12 பேர் பாக்கி வைத்திருந்தார்கள், தொகை 7,200. 8 பேர் 2023-க்கான சந்தாவை 2022-லேயே கட்டிவிட்டிருந்தார்கள், தொகை 4,800. 2023 முடிந்தபோது அந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டாதவர்கள் 11 பேர், தொகை 6,600. 2024-க்கு முன்கூட்டியே கட்டியவர்கள் 5 பேர், தொகை 3,000. வந்த பணத்தில் தொடக்க நிலுவையைக் கழித்து, இறுதி நிலுவையைக் கூட்டி, தொடக்க முன்பணத்தைக் கூட்டி, இறுதி முன்பணத்தைக் கழித்தேன். 88,200 வந்தது. கூட்டல் கழித்தலை மூன்று முறை சரிபார்த்துவிட்டே வருவாய் செலவினக் கணக்கில் எழுதினேன்.

பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்த ஆண்டில் யாரும் சேரவில்லை, யாரும் விலகவில்லை. 150 பேருக்கு 600 வீதம் 90,000 வர வேண்டும். மீதி 1,800 எங்கே?" என்று கேட்டார். ரொக்கம் ஒரு காசு குறையாமல் இருக்கிறது என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அவர் ரொக்கத்தைக் கேட்கவில்லை என்பது அமர்ந்த பிறகுதான் புரிந்தது. இதைப் போல யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

வணிகவியல் மாணவர்

நான் தேர்வுக்குப் படித்த முறையில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கழித்த 7,200-தான் எனக்கு இடறுகிறது. அது பாக்கி இருந்த தொகை. வந்த தொகை அன்று. அந்த 12 பேரும் 2023-இல் பழைய பாக்கியைக் கட்டினார்களா? கட்டியவர்களின் பணம் மட்டும்தானே 87,000-க்குள் கலந்திருக்கும்?

என் முறை மிகச் சுருக்கமானது. வந்த பணத்திலிருந்து போன ஆண்டுக்கு உரியதையும் அடுத்த ஆண்டுக்கு உரியதையும் எடுத்துவிட்டு, இந்த ஆண்டுக்கு வராததைச் சேர்த்தால் போதும்.

மன்றத்தின் புதிய பொருளாளர்

12 பேரில் 9 பேர்தான் கட்டினார்கள், 5,400. மற்ற மூவர் இன்றுவரை கட்டவில்லை. ஆனால் உங்கள் முறைப்படி 87,000-இல் 5,400-ஐயும் 3,000-ஐயும் கழித்து 6,600-ஐக் கூட்டினால் 85,200 அல்லவா வருகிறது? நான் 1,800-க்கு விடை தேடி வந்தேன். நீங்கள் 4,800-ஐத் தொலைத்துவிட்டீர்கள்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை

இருவரிடமும் பாதிப் பாதி விடை இருக்கிறது. மாணவர் தொலைத்த 4,800 என்பது அந்த 8 பேரின் முன்பணம். அது 2022-லேயே பெட்டிக்குள் வந்துவிட்டது; 2023-இன் ரொக்கத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. ஆனால் மன்றம் அவர்களுக்குச் சேவை செய்தது 2023-இல். கைக்கு வந்த பணத்தை மட்டும் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொகை எப்போதும் கண்ணில் படாமல் போகும். நான் திருத்திய விடைத்தாள்களில் மிகுதியாகக் கண்ட பிழையும் இதுதான். 85,200-உடன் அதைச் சேர்த்தால் உங்கள் மூத்த உறுப்பினர் கேட்ட 90,000 வந்துவிடுகிறது.

பொருளாளர் செய்த பிழை இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் 12 பேரின் பாக்கி முழுவதையும் கழித்தீர்கள். இறுதியில் 2023-க்குக் கட்டாத 11 பேரை மட்டும் சேர்த்தீர்கள். 2022-இன் பாக்கியை இன்னும் கட்டாத அந்த மூவரை எந்தப் பட்டியலிலும் வைக்கவில்லை. ஆண்டு புரண்டதும் அவர்கள் கடன் தீர்ந்துவிடுமா? 2023 இறுதியில் மன்றத்துக்கு வர வேண்டிய மொத்தம் 6,600 அன்று. பழைய 1,800-உம் சேர்ந்து 8,400. அதைக் கூட்டிப் பாருங்கள், 90,000 வரும். காணாமல் போன 1,800 அந்த மூவரிடம்தான் இருக்கிறது.

ஆகவே வழி இரண்டு. தொடக்க நிலுவையை முழுவதுமாகக் கழித்தால், இறுதி நிலுவையையும் பழையது புதியது எல்லாம் சேர்த்து முழுவதுமாகக் கூட்ட வேண்டும். அல்லது பழைய பாக்கியில் உண்மையில் வசூலான 5,400-ஐ மட்டும் கழித்து, இந்த ஆண்டின் நிலுவையான 6,600-ஐ மட்டும் கூட்ட வேண்டும். எந்த வழியாகவும் போகலாம். ஒரு வழியில் புறப்பட்டு மற்றதில் போய்ச் சேரக் கூடாது. நீங்கள் முதல் வழியில் கழித்து, இரண்டாம் வழியில் கூட்டியிருக்கிறீர்கள்.

மனத்தில் கூட்டிக் கழிப்பதைவிடச் சந்தாவுக்கு ஒரு பேரேட்டுக் கணக்கு போட்டுவிடுவது எனக்குப் பிடித்த முறை. பற்றுப் பக்கத்தில் தொடக்க நிலுவை 7,200, இறுதி முன்பணம் 3,000. வரவுப் பக்கத்தில் தொடக்க முன்பணம் 4,800, பெற்ற ரொக்கம் 87,000, இறுதி நிலுவை 8,400. வரவுப் பக்கம் 1,00,200, பற்றுப் பக்கம் 10,200. இடைவெளியான 90,000 ஆண்டின் வருவாய்.

வேறொரு சங்கத்தின் செயலாளர்

எங்கள் சங்கத்தில் இந்தத் தலைவலியே இல்லை. ஆண்டின் நடுவில் சேருகிறவர்களால்தான் சிக்கல். போன ஆண்டு ஜூலையில் சேர்ந்த 20 பேரிடம் பாதிச் சந்தாவும் நுழைவுக் கட்டணமும் சேர்த்து ஒரே ரசீதில் வாங்கினோம். ஆண்டு இறுதியில் எது சந்தா, எது நுழைவுக் கட்டணம் என்று பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் 1,800-உம் அப்படி நுழைவுக் கட்டணத்தில் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று பாருங்கள்.

மன்றத்தின் புதிய பொருளாளர்

எங்களிடம் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஐயா. இந்த ஆண்டில் புதியவர் எவரும் சேரவும் இல்லை. ஆசிரியை சொன்னபடி அந்த மூவரைச் சேர்த்ததும் கணக்கு நேராகிவிட்டது. ஆனாலும் நீங்கள் சொன்னதில் எனக்கொரு எச்சரிக்கை இருக்கிறது. ஆண்டின் நடுவில் ஆள் சேர்ந்தால், 150-ஐ 600-ஆல் பெருக்கிச் சரிபார்க்கும் குறுக்கு வழி செல்லாது. ஒவ்வொருவருக்கும் எத்தனை மாதச் சந்தா உரியது என்று பார்த்துத்தான் ஒப்பிட முடியும்.

தணிக்கை உதவியாளர்

இன்னொரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். இது வருவாயில் தெரியவே தெரியாது, அதனால்தான் அஞ்சத்தக்கது. நான் பார்க்கச் சென்ற ஒரு மன்றத்தில் வருவாய்த் தொகை உறுப்பினர் எண்ணிக்கையோடு துல்லியமாகப் பொருந்தியது. பிறகு நிலுவைப் பட்டியலையும் முன்பணப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தது. இந்த ஆண்டுக்குப் பாக்கி வைத்திருக்கும் மனிதர் அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டிக் கட்டுவாரா?

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தேன். டிசம்பர் 28 தேதியிட்டு, பெயர், தொகை, "சந்தா" என்ற ஒரு சொல். எந்த ஆண்டுக்கு என்று எழுதப்படவில்லை. டிசம்பர் இறுதியில் வருவதெல்லாம் அடுத்த ஆண்டுக்கு என்று எழுத்தர் நினைத்து, அதை முன்பணத்தில் சேர்த்துவிட்டார். அதனால் நிலுவையில் ஒரு சந்தா கூடுதலாகக் கூட்டப்பட்டது. முன்பணத்தில் ஒரு சந்தா கூடுதலாகக் கழிக்கப்பட்டது. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதால் வருவாய் மாறவில்லை. இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் சொத்துப் பக்கமும் பொறுப்புப் பக்கமும் ஒரே அளவில் வீங்கியிருந்தன. பணம் கட்டிய அந்த மனிதருக்கோ பாக்கிக்கான நினைவூட்டல் கடிதம் போய்விட்டது. அவர் ரசீதோடு வந்து சண்டை போட்டதை நானே பார்த்தேன். அதிலிருந்து எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் இரண்டு பட்டியல்களிலும் பொதுவான பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். "ஆண்டு" என்று ஒரு கட்டம் ரசீதிலேயே அச்சாகியிருந்தால் இந்த வேலை மிச்சம்.

வேறொரு சங்கத்தின் செயலாளர்

ஒன்று எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஓராண்டுக்கு மேலாகக் கட்டாத அந்த மூவர் இனிக் கட்டப்போகிறார்களா? வராத பணத்தைச் சொத்து என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா? எங்கள் செயற்குழு பாக்கியை வருவாயாகவே எடுப்பதில்லை, வரும்போது எழுதிக்கொள்கிறோம்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை

கேள்வி நியாயமானது, ஆனால் அது வேறு கேள்வி. 2022-க்கான 1,800, 2022-இன் வருவாயில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இனி வராது என்று செயற்குழு தீர்மானித்தால், அதை 2023-இல் வாராக்கடனாகச் செலவுப் பக்கத்தில் எழுதித் தள்ள வேண்டும். அப்போது இறுதி நிலுவை 6,600 ஆகும்; சந்தா வருவாய் 90,000-ஆகவே நிற்கும். பேரேட்டிலும் அந்த 1,800 வரவுப் பக்கத்தில் தனி வரியாக வர வேண்டும். பொருளாளரின் 88,200-ஐ இப்போது பாருங்கள்: அவர் அறியாமலேயே மூவரின் கடனைத் தள்ளுபடி செய்து, அதை வருவாய்க்குள் ஒளித்துவைத்துவிட்டார். உபரித் தொகை இரண்டு விதத்திலும் ஒன்றுதான். ஆனால் கடன் கைவிடப்பட்டது என்பது ஒரு கணக்கில் தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை.

உங்கள் செயற்குழுவின் வழக்கத்தைப் பொறுத்தவரை, வரும்போது எழுதுவதானால் அந்த ஆண்டின் வருவாய் வசூலின் வேகத்தைக் காட்டுமே தவிர, உரிய சந்தாவைக் காட்டாது. அத்துடன் முன்பணத்தை எப்படி எழுதுகிறீர்கள்? அதையும் வந்தபோதே வருவாயாக எடுத்துக்கொள்கிறீர்களா?

வேறொரு சங்கத்தின் செயலாளர்

இல்லை, முன்பணத்தைப் பொறுப்பாகத்தான் காட்டுகிறோம். பாக்கிக்கு ஒரு நியாயம், முன்பணத்துக்கு ஒரு நியாயமா என்று கேட்பீர்கள். கையில் இருக்கும் பணத்தை இன்னும் ஈட்டவில்லை என்று சொல்வதும், கைக்கு வராததை ஈட்டிவிட்டோம் என்று சொல்வதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை.

மன்றத்தின் புதிய பொருளாளர்

எங்கள் செயற்குழு அடுத்த வாரம் கூடுகிறது. மூவரில் ஒருவர் கட்டிவிடுவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மற்ற இருவரின் 1,200-ஐத் தள்ளுபடி செய்யும் தீர்மானத்தைக் கொண்டுபோகிறேன். வருவாயை 90,000 என்று திருத்திய கணக்கையும், அந்த மூன்று பெயர்கள் தனியாகத் தெரியும் நிலுவைப் பட்டியலையும் மூத்த உறுப்பினரிடம் நேற்றே காட்டினேன். அவர் பட்டியலை வாங்கி முன்பணப் பட்டியலையும் கேட்டார்.

தணிக்கை உதவியாளர்

பொதுவான பெயர் ஏதும் இருந்ததா?

மன்றத்தின் புதிய பொருளாளர்

ஒன்று இருந்தது. டிசம்பர் 30 ரசீது. அடிக்கட்டையில் ஆண்டு எழுதவில்லை.