உதவி: கேடய வரிசை நடக்க நடக்க வலப்பக்கம் நகர்கிறது, நடுவில் சந்து விழுகிறது

விழாக்குழு:
ஆண்டு விழாவில் பண்டைக் கிரேக்கத்தின் ஹாப்லைட் வீரர்கள், அதாவது கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாட்படையினர், நெருங்கி வரிசையாக நிற்கும் ஃபாலங்க்ஸ் அணிவகுப்பைக் காட்டப்போகிறோம். மொத்தம் 24 மாணவர்கள். ஒரு வரிசைக்கு 8 பேராக மூன்று வரிசை. அட்டைக் கேடயம் 60 செ.மீ விட்டம், நடுவில் ஒரு கைப்பிடி. ஆளுக்கு 90 செ.மீ அகலம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். எதிர் அணி துணிப்பந்து எறியும். உடம்பில் பட்டவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

நிற்கும்போது பார்க்க நன்றாக இருக்கிறது. 20 மீட்டர் நடந்தால் மொத்த வரிசையும் ஏறக்குறைய 2 மீட்டர் வலப்பக்கம் போய்விடுகிறது. ஒருவன் அவுட் ஆனால் அவனுக்கு இடப்பக்கம் இருப்பவர்களும் அடுத்தடுத்து அவுட் ஆகிறார்கள். நேராக நடக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. தப்பு எங்கே?

சரவெடி:
சிம்பிள் சார். ஒவ்வொருத்தன் கேடயமும் வலப்பக்கத்து ஆளைக் காப்பாத்தணும், அதான் ஃபாலங்க்ஸோட ரூலே. பசங்க வலப்பக்கம் நகர்றாங்கன்னா பக்கத்து ஆளைக் காப்பாத்தப் போறாங்கன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான், அப்படியே விட்டுடுங்க.

குட்டிப்படை:
18 அடி நீள ஈட்டி கொடுத்துப் பாருங்களேன்? அஞ்சு வரிசை ஈட்டி முன்னால நீட்டிக்கிட்டு இருந்தா எவனும் கிட்ட வர முடியாது. நான் மேசை விளையாட்டுக்கு வர்ணம் அடிச்ச பொம்மைப் படை அப்படித்தான் இருக்கு.

புறமுதுகு:
குட்டிப்படை சொல்வது மாசிடோனியப் படை. பிலிப், அலெக்சாண்டர் காலத்தது. அந்த ஈட்டியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பதால் கேடயமே சிறியது. இங்கே கேட்டிருப்பது அதற்கு முந்தைய ஹாப்லைட். அவன் ஈட்டி 2 முதல் 2.5 மீட்டர், வலக்கை ஒன்றால் பிடிப்பது.

சரவெடி பாதி சரி. பக்கத்து ஆளைக் காப்பது உண்மை, ஆனால் பக்கம் மாறிவிட்டது. கேடயம் இடக்கையில் இருக்கிறது. அதில் மிஞ்சுகிற பாதி இடப்பக்கம் நீள்கிறது. ஆகவே என் கேடயம் எனக்கு இடப்பக்கம் நிற்பவனின் வலது விலாவை மறைக்கும். ஈட்டி பிடித்திருக்கும் என் வலப்பக்கம் திறந்தே கிடக்கும். அதை மறைப்பது எனக்கு வலப்பக்கம் நிற்பவனின் கேடயம்.

இப்போது விழாக்குழுவின் சிக்கலுக்கு வருவோம். பையன்கள் யாரையும் காப்பாற்ற வலப்பக்கம் போகவில்லை. தங்கள் வலது விலாவை அடுத்தவன் கேடயத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளப் போகிறார்கள். இதையே கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார், கி.மு. 418-ல் நடந்த மாண்டினியா போரைச் சொல்லும் இடத்தில். எல்லாப் படையும் மோதப் போகும்போது வலப்பக்கம் சாயும், அதைத் தொடங்கி வைப்பவன் வலக்கோடியில் நிற்பவன் என்கிறார். அவனுக்கு வலப்பக்கம் கேடயமே கிடையாது. திறந்த பக்கத்தை எதிரியிடமிருந்து விலக்கிக்கொள்ள அவன் ஒதுங்குவான், அவன் கேடயத்தைத் தேடி அடுத்தவன் ஒதுங்குவான், இப்படியே இடக்கோடி வரை போகும். அதனால் எட்டுப் பேரையும் திட்டாதீர்கள். வலக்கோடிப் பையன் யார்?

விழாக்குழு:
வலக்கோடியில் நிற்பது இருப்பதிலேயே சின்னப் பையன். ஓரமாக இருந்தால் தொந்தரவு இருக்காது என்று நிறுத்தினோம்.

புறமுதுகு:
அங்கேதான் கோளாறு. கிரேக்கர்கள் வலக்கோடியை மரியாதைக்குரிய இடமாக வைத்திருந்தார்கள். எளிதில் அசையாதவனை அங்கே நிறுத்துங்கள். அவனுக்கு எதிரே ஒரு கொடிக் கம்பம் நட்டு, அதை மட்டும் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். மற்ற ஏழு பேரும் தன் வலப்பக்கத்தவனை மட்டும் கவனித்தால் போதும்.

மேடைத்தச்சன்:
ஆளை மாத்துறதுக்கு முன்னாடி கேடயத்தை மாத்துங்க. நடுவுல ஒத்தைப் பிடி வெச்சா முஷ்டிதான் கேடயத்தோட மையம். அது உடம்புக்கு நேரா முன்னால வரும், பக்கத்து ஆளுக்கு எதுவும் மிஞ்சாது. கிரேக்கக் கேடயத்துக்கு ரெண்டு பிடி. நடு மையத்துல ஒரு வளையம், அதுல முன்கையை முழங்கை வரைக்கும் நுழைக்கணும். விளிம்பு ஓரத்துல ஒரு கயித்துப் பிடி, அதை விரலால பிடிக்கணும். கையை மடக்கி நெஞ்சுக்குக் குறுக்கே வெச்சுப் பாருங்க. முழங்கை இடப்பக்கம், முஷ்டி வலப்பக்கம். மையம் முழங்கைகிட்ட இருக்கிறதால பாதிக் கேடயம் தானா இடப்பக்கம் நீட்டிக்கும்.

அளவு எடுக்க டேப் தேவையில்லை. முழங்கை மடிப்புல இருந்து முஷ்டி வரைக்கும் எவ்வளவோ, அதோட நாலஞ்சு செ.மீ. சேர்த்தா அதுதான் ஆரம். உங்க பசங்களுக்கு 35 செ.மீ. சரியா வரும், அப்போ விட்டம் 70. அதுக்கு மேல போனா ஓரப் பிடி கைக்கு எட்டாது. வளையத்துக்குப் பழைய பெல்ட்டு, உள்ளே ஸ்பாஞ்சு. தட்டையா வெட்டாம கொஞ்சம் குழிவா செஞ்சா விளிம்பைத் தோள்மேல சாய்ச்சுக்கலாம், கை கடுக்காது.

புறமுதுகு:
தச்சன் சொன்ன குழிவுதான் அசலிலும் இருந்தது. அசல் கேடயம் சுமார் 90 செ.மீ விட்டம், 6 முதல் 8 கிலோ. ஒரு கையால் வெகு நேரம் தாங்க முடியாது, எடையின் பெரும்பங்கைத் தோள்தான் சுமந்தது.

இடைவெளிக் கணக்கும் இதில் இருக்கிறது. 60 செ.மீ கேடயம், ஆளுக்கு 90 செ.மீ இடம் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே 30 செ.மீ சந்து. துணிப்பந்துக்கு அது வாசல். கேடயம் 70 ஆன பிறகு ஆளுக்கு 60 செ.மீ கொடுங்கள். விளிம்புகள் 10 செ.மீ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், எட்டுப் பேரின் முகப்பு 4.8 மீட்டர். இதற்கு மேல் நெருக்கினால் ஈட்டிக் கையை ஆட்ட முடியாது.

ஒருவன் விழுந்தால் இடப்பக்கத்தவர்கள் வரிசையாக விழுவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் அவனுக்கு இடப்பக்கத்தவனின் விலா திறந்துவிடுகிறது. அவன் அடுத்த கேடயத்தைத் தேடி வலப்பக்கம் தாவுகிறான். இப்போது அவனுக்கு இடப்பக்கம் ஓட்டை. இடம் விட்டு நகர்ந்தவன் ஒருவன், அதற்கு விலை கொடுப்பவன் வேறொருவன். விழுந்தவனுக்கு நேர் பின்னால் நிற்பவன் ஒரே எட்டில் முன்னால் வந்துவிட வேண்டும். இடப்பக்கத்தவன் நகரவே கூடாது. பின்வரிசைகளின் வேலையே அதுதான், அவர்கள் கூட்டம் காட்ட நிற்பவர்கள் அல்ல.

தலைக்கவசத்தைத் தொலைத்தவனை விட்டுவிட்டு, கேடயத்தைத் தொலைத்தவனை மட்டும் ஏன் இழிவாகப் பார்க்கிறீர்கள் என்று ஸ்பார்ட்டா அரசன் டெமராட்டஸிடம் கேட்டார்களாம். கவசம் தனக்காக அணிவது, கேடயம் மொத்த வரிசைக்கும் பொதுவானது என்றானாம். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார்.

சரவெடி:
சரி, பக்கம் மாத்திச் சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு படையும் வலப்பக்கமே நகர்ந்தா ஒண்ணை ஒண்ணு தாண்டில்ல போயிடும்?

புறமுதுகு:
போகும். மாண்டினியாவில் நடந்ததே அதுதான். ஒரு பக்கம் ஸ்பார்ட்டா, எதிர்ப்பக்கம் ஆர்கோஸ், மாண்டினியா நகரங்களின் கூட்டணி. இரண்டு பக்கத்து வலச்சிறகும் எதிரியின் இடச்சிறகைத் தாண்டி நீண்டுவிட்டன. ஸ்பார்ட்டாவின் இடக்கோடியில் ஸ்கிரிட்டாய் என்ற பிரிவின் 600 வீரர்கள், அவர்களைத் தாண்டி மாண்டினியர்கள் நிற்கிறார்கள். சுற்றி வளைத்துவிடுவார்கள் என்று பயந்த அரசன் ஏகிஸ், மோதல் தொடங்கப்போகும் அந்த நேரத்தில் இடச்சிறகை இன்னும் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். அதனால் விழும் ஓட்டையை அடைக்க வலப்பக்கத்திலிருந்து இரண்டு பிரிவுகளைக் கொண்டுவரும்படி ஹிப்போனோய்டாஸ், அரிஸ்டோக்ளீஸ் என்ற இரு தளபதிகளுக்கு உத்தரவு. இடச்சிறகு நகர்ந்தது, அவர்கள் இருவரும் வரவில்லை. ஏகிஸ் இடச்சிறகைத் திரும்பக் கூப்பிட்டான், ஆனால் நேரம் போய்விட்டது. மாண்டினியர்களும் ஆர்கோஸின் தேர்ந்தெடுத்த 1000 வீரர்களும் அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து, இடச்சிறகை வண்டிகள் நின்ற இடம் வரை விரட்டினார்கள்.

ஆனாலும் ஜெயித்தது ஸ்பார்ட்டாதான். நடுவிலும் வலப்பக்கமும் வரிசை குலையாமல் போய் மோதியதில் எதிரே நின்ற பெரும்பாலோர் அடி விழும் முன்பே சிதறிவிட்டார்கள். பிறகு ஏகிஸ் படையைத் திருப்பி இடப்பக்கத்தைக் காப்பாற்றினான். அந்தத் தளபதிகள் இருவரும் கோழைகள் என்று குற்றம் சாட்டப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். என்னைக் கேட்டால் தப்பு உத்தரவில்தான். எதிரி கண்ணெதிரே வரும்போது ஃபாலங்க்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது.

குட்டிப்படை:
அப்போ பின்வரிசை முன்வரிசையை முதுகுல கேடயம் வெச்சுத் தள்ளுமாமே? அதையும் மேடையில காட்டலாமே, அமர்க்களமா இருக்கும்.

புறமுதுகு:
தள்ளுதல் என்ற சொல் கிரேக்க நூல்களில் வருகிறது. ஆனால் அது உடம்போடு உடம்பாக முட்டித் தள்ளியதா, இல்லை எதிரியைப் பின்வாங்க வைத்தார்கள் என்பதற்கான பேச்சு வழக்கா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கி.மு. 424-ல் டெலியம் போரில் தீப்ஸ் நகரப் படை 25 வரிசை ஆழம் நின்றதை முதல் கட்சி காட்டும். முன்வரிசை ஈட்டியால் குத்த இடம் வேண்டாமா என்று மறு கட்சி கேட்கும். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

மேடைத்தச்சன்:
எந்தக் கட்சியா இருந்தாலும் பசங்களைத் தள்ள விடாதீங்க. முன்னாடி ஒருத்தன் தடுக்கினா மேல ரெண்டு பேர் விழுவான். ஈட்டியோட அடிமுனைக்கும் ஸ்பாஞ்சு கட்டுங்க, பின்னால நிக்கிறவன் முகத்துக்கு நேரா இருக்கும்.

விழாக்குழு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 70 செ.மீ கேடயம், இரண்டு பிடி, ஆளுக்கு 60 செ.மீ. வலக்கோடிக்கு ஆள் மாற்றியாயிற்று. 20 மீட்டருக்கு இப்போது அரை மீட்டர்தான் நகர்கிறார்கள். சங்கிலியாக விழுவதும் குறைந்துவிட்டது. ஆனால் வேகமாக நடக்கச் சொன்னால் வரிசை வில் மாதிரி வளைகிறது. நடுவில் இருப்பவர்கள் முந்திவிடுகிறார்கள்.

புறமுதுகு:
வேகத்தைக் குறையுங்கள். மாண்டினியாவில் ஆர்கோஸ் படை ஆவேசமாக விரைந்து வந்தது. ஸ்பார்ட்டா படை குழல் ஊதுபவர்களின் இசைக்குக் காலெடுத்து வைத்து மெதுவாக வந்தது. அது பக்திக்காக அல்ல, வரிசை உடையாமல் சீராக நடப்பதற்காக என்று துசிடிடீஸ் தெளிவாகவே சொல்கிறார். அதைப் புல்லாங்குழல் என்று பலர் எழுதுகிறார்கள், சரியில்லை. சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல் அது, இனத்தால் நாயனத்துக்குத்தான் கிட்ட வரும்.

விழாக்குழு:
எங்கள் மாணவன் ஒருவனுடைய அப்பா நாயனக்காரர். நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன்.

சரவெடி:
தவிலும் சேர்த்துக் கூப்பிட்டுடாதீங்க சார், பசங்க ஆட ஆரம்பிச்சுடுவாங்க.