புதுப்பிப்பு: இடமும் வலமும் ஏன் பொருந்தவில்லை

சதுரத் தகட்டின் நிலையான வெப்பநிலையை லாப்லாஸ் சமன்பாட்டால் கணித்தபோது நான் முன்பு கேட்டது இது: "மேல் விளிம்பு 100, மற்ற மூன்றும் 0. உள்ளே 3×3 புள்ளிகள். விடை ஏன் ஒரு பக்கம் சாய்கிறது?"

காரணம் கிடைத்துவிட்டது. கண்ணியைச் சிறிதாக்கச் சொன்னான் நண்பன். பிழை குறையும்தான், ஆனால் சாய்வு போகவில்லை.

கொக்குவில் கணித ஆசிரியர், "தம்பி, தாயத்தில் பூச்சியமில்லாத உறுப்புகளை எண்ணிப் பாரும்" என்றார். 33 இருக்கவேண்டும், 37 இருந்தது!

3ஆம் புள்ளி வலது ஓரம், 4ஆம் புள்ளி அடுத்த வரிசையின் இடது ஓரம். அவை அயல்புள்ளிகளே அல்ல. பக்கத்து மூலைவிட்டம் முழுக்க -1 நிரப்பியதால் 3–4, 6–7 ஒட்டிக்கொண்டன. இப்போது இப்படி:

```
A = kron(I, T) + kron(T, I)
```

I என்பது 3×3 அலகுத் தாயம். அதே அளவுள்ள T-இல் மூலைவிட்டம் 2, இருபுறமும் -1. நடுப்புள்ளி சரியாக 25 வந்தது.

வெப்பம் கடத்தாத விளிம்பு பற்றிக் கேட்ட தங்கச்சி, அதை இன்னும் நான் செய்து பார்க்கவில்லை.