இணைப்புச் சொற்கள் இத்தனை இருந்தும் ஏன் ஆறு? ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு அனுபவங்கள்

முல்லைக்கொடி:
பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய எழுத்துப் பகுதியில் 6.5 வேண்டும். எனக்கு இரண்டு முறையும் 6 தான் கிடைத்தது. நான் படித்த பயிற்சி நிலையத்தில் நாற்பது இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்கினால் மதிப்பெண் உயரும் என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன். நகரப் பேருந்துகளை இலவசமாக்கலாமா என்ற பயிற்சிக் கட்டுரையில் நான் எழுதிய ஒரு பத்தியின் பொருளைத் தமிழில் தருகிறேன். இணைப்புச் சொற்களை மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறேன்.

"ஃபர்ஸ்ட்லி, பேருந்து இலவசமானால் சாலையில் கார்கள் குறையும். ஃபர்தர்மோர், காற்று மாசு குறையும். மோர்ஓவர், ஏழைகளுக்குப் பணம் மிச்சமாகும். இன் அடிஷன், அரசு புதிய பேருந்துகளை வாங்க வேண்டியிருக்கும். தேர்ஃபோர், இலவசப் பயணம் நல்லது."

இலக்கணப் பிழை இல்லை என்று இரண்டு பேர் பார்த்துச் சொன்னார்கள். அப்படியானால் எங்கே குறைகிறது? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
நான் தேர்வாளர் அல்லன். பதினொரு ஆண்டுகளாக இந்தத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். தேர்வு நடத்துபவர்கள் பொதுவில் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு விளக்கத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கட்டுரையையும் படிப்பேன். எழுத்துக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. கருத்தோட்டமும் பிணைப்பும் சேர்ந்த இந்த அளவுகோலுக்கு அதில் கால் பங்கு. ஐந்தாம் நிலைக்கான விளக்கத்தில் இணைப்புகள் போதாமல் இருப்பது, தவறாக இருப்பது, மிகையாக இருப்பது ஆகிய மூன்றும் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆறில், இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று வருகிறது. ஏழில்கூடச் சற்று மிகை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஒன்பதுக்குப் போனால், பிணைப்பு வாசகரின் கண்ணில் பெரும்பாலும் படவே கூடாது. மேலே செல்லச் செல்ல இணைப்புச் சொல் கூட வேண்டும் என்று எந்த நிலையிலும் சொல்லப்படவில்லை.

இனி உங்கள் பத்தியைப் பார்ப்போம். அந்த ஐந்து சொற்களையும் அடித்துவிட்டுப் படியுங்கள். கார்கள் குறைவதால்தான் மாசு குறைகிறது. அது காரணமும் விளைவுமான உறவு, ஆனால் ஃபர்தர்மோர் அதை இன்னொரு புதிய நன்மை போலக் காட்டுகிறது. அடுத்த வாக்கியம் ஏழைகளின் செலவுக்குத் தாவுகிறது. கார் வைத்திருப்பவரைப் பற்றிய பேச்சு அங்கே அறுந்துபோகிறது. நான்காவது வாக்கியம் நன்மையே அல்ல, செலவு. அதற்கு முன்னால் இன் அடிஷன் வந்ததும், இதையும் நீங்கள் நன்மையாகத்தான் எண்ணுகிறீர்களோ என்று படிப்பவர் நின்று யோசிக்க நேர்கிறது. செலவைச் சொன்ன கையோடு தேர்ஃபோர் போட்டு நல்லது என்று முடித்திருப்பதால், எதிலிருந்து அந்த முடிவு வந்தது என்பதும் தெரியவில்லை. சொற்களின் எண்ணிக்கையை விட இதுவே பெரிய குறை: வாக்கியங்களுக்கு நடுவே இல்லாத உறவை அந்தச் சொற்கள் இருப்பதாக அறிவிக்கின்றன.

இதே செய்தியை நான் இப்படி அடுக்குவேன்: "பேருந்து இலவசமானால், தினமும் காரில் வேலைக்குச் செல்வோரில் ஒரு பகுதியினர் காரை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்த மாற்றம் காலை நேர நெரிசலைக் குறைக்கும். நெரிசலில் நின்றபடி ஓடும் வண்டிகளின் புகையும் அதனால் குறையும். ஆனால் புதிதாக வரும் பயணிகளுக்கு இப்போதுள்ள பேருந்துகள் போதா. மேலும் சிலவற்றை வாங்கும் செலவை அரசு ஏற்றால்தான் இந்தப் பயன் நிலைக்கும்." ஏழைகளின் சேமிப்பைத் தனிப் பத்திக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆங்கிலத்தில் எழுதும்போது இங்கே வெளிப்படையான இணைப்புச் சொல்லாகப் பெரும்பாலும் ஒரு பட் மட்டுமே நிற்கும். "இந்த மாற்றம்" என்ற தொடர் முந்தைய வாக்கியம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குள் நுழைகிறது. "சிலவற்றை" என்பது பேருந்து என்ற சொல்லைத் திரும்பச் சொல்லாமலே அதைச் சுட்டுகிறது.

நெய்தல்:
அப்படியானால் இணைப்புச் சொற்களை முழுவதுமாக விட்டுவிடுவதே பாதுகாப்பு என்று நான் முடிவு செய்துவிட்டேன். என் அண்ணன் ஒன்றுகூடப் போடாமல்தான் ஏழரை வாங்கினார்.

கரும்பலகை:
தம்பி, அதில் பாதிதான் சரி. போதாமையும் குறையாகவே எண்ணப்படுகிறது என்று மேலே சொன்னேன். கருத்து எதிர்த் திசையில் திரும்பும் இடத்தில் ஹவெவர் இல்லையென்றால், எழுதியவர் தனக்குத்தானே முரண்படுவது போலத் தோன்றும். அந்தத் திருப்பத்தில் அது கட்டாயம் வேண்டும். உங்கள் அண்ணன் கட்டுரையில் சுட்டுச் சொற்கள் அந்த வேலையைச் செய்திருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள்.

வேம்பு:
பேச்சுத் தேர்வில் நான் இரண்டு முறை மோர்ஓவர் சொல்லிவிட்டேன். அதற்கும் மதிப்பெண் குறைந்திருக்குமா என்று கவலையாக இருக்கிறது.

கரும்பலகை:
இங்கே பேசுவது எழுத்தைப் பற்றி. பேச்சில் சரளமும் கருத்தோட்டமும் சேர்ந்து தனி அளவுகோலாக வருகின்றன. அங்கே சோ, பிகாஸ் போன்றவை இயல்பாக வந்தாலே போதும். இரண்டு மோர்ஓவர் மட்டும் உங்களைக் கீழே இறக்கியிருக்காது.

மணிமுத்தாறு:
என் அனுபவம் முதல் பணியில், அதாவது வரைபடத்தை விவரிக்கும் பகுதியில். தேயிலை, காப்பி ஏற்றுமதியைக் காட்டும் இரண்டு கோடுகளைக் கொண்ட பயிற்சிப் படம் அது. எல்லா வாக்கியத்தையும் இட் என்று தொடங்கி, இட் உயர்ந்தது, பிறகு இட் சரிந்தது என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது, எது உயர்ந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அதற்கு முந்தைய தாளில் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தேன்: காப்பி ஏற்றுமதி என்ற சொல்லையே ஒன்பது முறை எழுதியிருந்தேன். நான் தேறியது, "தி ஃபார்மர்", "திஸ் ஃபால்" போன்ற சிறு தொடர்களைப் பழகிய பிறகுதான். என் எழுத்து மதிப்பெண் ஆறிலிருந்து ஏழுக்குப் போனது. ஆனால் அதற்கிடையில் இலக்கணத்திலும் உழைத்தேன் என்பதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

கரும்பலகை:
நம்மவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தமிழில் "நெரிசல் குறைந்து, புகை அடங்கி, மக்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்" என்று வினையெச்சங்களே வாக்கியத்தைக் கோத்துவிடுகின்றன. தனி இணைப்புச் சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. அதை ஆங்கிலத்தில் மூன்று துண்டு வாக்கியங்களாக உடைத்தவுடன் இடைவெளி தெரிகிறது. அந்த இடைவெளியில் மனப்பாடப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துண்டுகளை உடைக்காமல் விச், வைல், பை ரிட்யூசிங் போன்ற அமைப்புகளால் ஒரே வாக்கியமாக வைத்துக்கொள்ள முடிந்தால் அந்தத் தேவையே எழாது.

முல்லைக்கொடி:
மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரம் அவகாசம் உண்டு; மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் சான்றிதழில் எழுத்துக்கு ஒரே ஓர் எண் மட்டும் இருப்பதால், குறை இந்த அளவுகோலில்தானா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஐயா, இன்னொரு ஐயமும் உண்டு. பத்திகளின் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி போடுவதும் தவறா?

மணிமுத்தாறு:
நான் போட்டேன், ஏழு கிடைத்தது. தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கரும்பலகை:
தவறில்லை. ஆனால் இரண்டு காரணங்களும் ஒரே எடை உள்ளவையாக இருந்தால்தான் எண்ணிடல் பொருந்தும். இரண்டாவது பத்தி முதல் பத்தியின் விளைவாகவோ மறுப்பாகவோ இருக்கும்போது செகண்ட்லி அந்த உறவை மறைத்துவிடும். அதனால் என் மாணவர்களை அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். மணிமுத்தாறு இதில் என்னோடு உடன்படமாட்டார் என்று தெரிகிறது. மறுமதிப்பீட்டுக்கு முன், முல்லைக்கொடி, நேரக் கணக்கு வைத்து நீங்கள் எழுதிய வேறு இரண்டு பயிற்சிக் கட்டுரைகளை இங்கே இடுங்கள். ஒரே பத்தியை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல விரும்பவில்லை.